நிமிடத்துக்கு எத்தனை கிலோ?

2008 மே மாதம். கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலரைத் தாண்டியிருந்தது. பாரிஸிலிருந்து அமெரிக்காவின் மினியாபொலிஸுக்குப் புறப்பட்ட நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, வழக்கமாக மணிக்கு 542 மைல் வேகத்தில் பறக்கும் இடத்தில் 532 மைல் வேகத்தில் பறந்தது. பயணம் எட்டு நிமிடம் நீண்டு 8 மணி 58 நிமிடம் ஆனது. எரிபொருளில் 162 கேலன் மிச்சம். அன்றைய விலையில் 535 டாலர். அந்த வாரம் செய்தி நிறுவனங்கள் இந்தக் கணக்கை வெளியிட்டன. சவுத்வெஸ்ட் நிறுவனம் ஒவ்வொரு பயணத்திலும் ஒன்று முதல் மூன்று நிமிடம் கூட்டி, அந்த ஆண்டில் 4.2 கோடி டாலர் மிச்சப்படுத்தப் போவதாகச் சொன்னதும் அதே செய்தியில்தான் வந்தது.

படித்தவர்களில் பெரும்பாலோர் ‘மெதுவாகப் போனால் எண்ணெய் மிச்சம்’ என்பதோடு பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். அந்த எண்களை ஒன்றோடொன்று வகுத்துப் பார்த்தால்தான் விஷயம் தொடங்குகிறது.

ஒரு கேலன் விமான எரிபொருள் ஏறக்குறைய மூன்று கிலோ. 162 கேலன் என்றால் சுமார் 490 கிலோ. அதை எட்டு நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 61 கிலோ. அதாவது, அந்த விமானம் முன்பு வேகமாகப் பறந்தபோது, சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் 61 கிலோ எரிபொருளை விலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. பணமாகச் சொன்னால் நிமிடத்துக்கு 67 டாலர். இனி கேள்வி ஒன்றுதான். நார்த்வெஸ்ட்டுக்கு ஒரு நிமிடம் 67 டாலர் பெறுமா? பெறாது என்றால் வேகத்தைக் குறைத்தது சரி. அதற்கு மேல் பெறும் என்றால் 535 டாலரை மிச்சம் பிடித்து அதைவிடப் பெரிய தொகையைக் கைவிட்டார்கள்.

இந்தக் கேள்விக்கான பதிலை விமான நிறுவனங்கள் ஒரே ஓர் எண்ணில் எழுதி விமானியிடம் கொடுக்கின்றன. அதற்குப் பெயர் காஸ்ட் இண்டெக்ஸ். புறப்படுவதற்கு முன்பு காக்பிட் கணினியில் விமான எண், செல்லும் வழி, உயரம் எல்லாவற்றையும் பதியும்போது, COST INDEX என்ற கட்டத்தில் விமானி அதைத் தட்டுகிறார். பெரும்பாலும் இரண்டு இலக்கம். அதன் பிறகு, எந்த வேகத்தில் ஏறுவது, எந்த வேகத்தில் பறப்பது, எங்கே இறங்கத் தொடங்குவது என்பதையெல்லாம் கணினி அந்த எண்ணை வைத்தே முடிவு செய்கிறது.

எண்ணின் பொருள் எளிமையானது. ஒரு நிமிடத்தின் விலையை ஒரு கிலோ எரிபொருளின் விலையால் வகுக்க வேண்டும். கிடைப்பது, ‘ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்த அதிகபட்சம் இத்தனை கிலோ எரிக்கலாம்’ என்ற உத்தரவு. ஏர்பஸ் விமானங்களில் அலகு இப்படியே கிலோவும் நிமிடமும்தான். போயிங்கில் பவுண்டும் மணியும் நூறும் கலந்த வேறு அலகு. ஏர்பஸ்ஸில் 30 என்பது போயிங்கில் ஏறக்குறைய 40 ஆகிவிடும். இரண்டு வகை விமானங்களையும் வைத்திருக்கும் நிறுவனம் ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துப் போட்டால் கணக்கு முதலிலேயே தப்பிவிடும்.

பூஜ்யம் என்று தட்டினால், நேரத்துக்கு மதிப்பே இல்லை, எரிபொருள் மட்டும் குறைந்தால் போதும் என்று பொருள். கணினி தரக்கூடிய மிகப் பெரிய எண்ணைத் தட்டினால், எவ்வளவு எரிந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் போ என்று பொருள். உண்மையான பயணங்கள் இந்த இரண்டுக்கும் நடுவே, பெரும்பாலும் பூஜ்யத்தின் பக்கம் ஒதுங்கியே நடக்கின்றன.

ஏன் அந்தப் பக்கம்? விமானம் மெதுவாகப் பறந்தால், எடையைத் தாங்குவதற்கு இறக்கை மூக்கைத் தூக்கிக்கொண்டு காற்றை அதிகமாகக் கீழே தள்ள வேண்டியிருக்கிறது. அதில் ஒருவகை இழுவை. வேகமாகப் பறந்தால் காற்றின் உராய்வும் எதிர்ப்பும் கூடுகின்றன. ஒலியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கை நெருங்கும்போது இறக்கையின் மேலே காற்று இறுகி, இழுவை திடீரென்று எகிறும். இரண்டுக்கும் இடையில், ஒரு கிலோ எரிபொருளில் மிக அதிக தூரம் போகும் வேகம் ஒன்று உண்டு. அந்த உச்சி கூராக இல்லாமல் தட்டையாக இருக்கிறது என்பதே முக்கியம். உச்சியிலிருந்து சற்று வேகம் கூட்டினால் எரிபொருள் செலவு ஏறுவதே தெரியாது. முதல் நிமிடம் கிட்டத்தட்ட இலவசம். அடுத்த நிமிடத்துக்குக் கொஞ்சம் விலை. அதற்கடுத்தது இன்னும் கூடுதல். ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் கொள்ளை விலை. காஸ்ட் இண்டெக்ஸ் 20 என்றால், நிமிடத்தின் விலை 20 கிலோவைத் தொடும் வரை வாங்கிக்கொண்டே போ, தொட்டதும் நிறுத்து என்று பொருள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஏ320 போன்ற விமானம் மேலே பறக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 கிலோ எரிக்கிறது. ‘அப்படியானால் ஒரு நிமிடம் அதிகமாகப் பறந்தால் 40 கிலோ கூடுதல் செலவுதானே, இதில் மிச்சம் எங்கே வந்தது?’ என்று துறைக்குள் இருப்பவர்களேகூடக் கேட்பதுண்டு. அந்த ஒரு நிமிடம் வட்டமடித்துக் கழிந்தால் அது சரி. ஆனால் அது மெதுவாகப் போனதால் வந்த நிமிடம் என்றால், மற்ற எல்லா நிமிடங்களிலும் எரிப்பு சற்றே குறைந்திருக்கும். பாரிஸ் விமானத்தில் நடந்தது இதுதான். அந்தத் தூரத்துக்குப் பெரிய விமானம் ஏறக்குறைய ஐம்பது டன் எரிக்கும். கூட்டிய எட்டு நிமிடத்துக்கான எரிபொருளையும் சேர்த்தே மொத்தத்தில் அரை டன் குறைந்தது. வேகத்தில் இரண்டு சதவீதத்துக்கும் கீழே குறைத்ததற்கு, எரிபொருளில் ஒரு சதவீதம்.

கணினி வராத காலத்தில் விமானிகளிடம் ஒரு கைக்கணக்கு இருந்தது. ஒரு சதவீத எரிபொருளை விட்டுக்கொடுத்து, மூன்று முதல் ஐந்து சதவீதம் வேகம் கூட்டிப் பறப்பது. தட்டையான உச்சியைப் பயன்படுத்திக்கொள்ளும் நல்ல தந்திரம்தான். ஆனால் எண்ணெய் மூன்று டாலருக்கு விற்றாலும் நூற்றைத் தாண்டினாலும் அந்த வேகம் மாறாது. விலையையும் சேர்த்து எடைபோடும் வசதி, போயிங் 767 போன்ற விமானங்களோடு 1980-களின் தொடக்கத்தில் காக்பிட்டுக்குள் வந்தது.

விலை மாறினால் வேகம் எவ்வளவு மாற வேண்டும் என்பதையும் 2008 காட்டியது. ஜூலையில் 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய், டிசம்பரில் 40 டாலருக்குக் கீழே விழுந்தது. ஒரு நிறுவனத்துக்கு ஒரு நிமிடத்தின் விலை 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் எரிபொருள் கிலோ 1.09 டாலர். காஸ்ட் இண்டெக்ஸ் 46. விலை பாதிக்கும் கீழே போய் அரை டாலர் ஆனதும் அது 100. அதே விமானம், அதே பாதை, அதே விமானிகள். மே மாதம் மெதுவாகப் போனது சரி என்றால், அடுத்த குளிர்காலத்திலும் அப்படியே மெதுவாகப் போனது தவறு. இதைத் திருத்த மறந்த நிறுவனங்களை யாரும் குறை சொல்லவில்லை. மெதுவாகப் பறப்பதற்குச் சிக்கனம் என்ற நல்ல பெயர் கிடைத்துவிட்டதல்லவா!

காற்றையும் இந்த எண்ணே கவனித்துக்கொள்கிறது. எதிர்க்காற்று பலமாக இருந்தால் கணினி வேகத்தைக் கூட்டும். எரிபொருளை மட்டுமே பார்க்கும் பூஜ்யத்தில்கூட அப்படித்தான். எதிர்க்காற்றுக்குள் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம் என்பதால் அதைச் சீக்கிரம் கடப்பதே சிக்கனம். பின்காற்று வீசினால் தலைகீழ். வேகத்தைக் குறைத்துக்கொண்டு காற்று தள்ளட்டும் என்று விட்டுவிடும். சென்னையிலிருந்து லண்டனுக்கு மேற்கே போகும்போதும் அங்கிருந்து திரும்பும்போதும் கட்டத்தில் ஒரே எண் இருந்தாலும் வேகம் ஒன்றாக இராது. இதற்குக் கணினியிடம் காற்றின் நிலவரத்தைச் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். பழைய காற்று நிலவரத்தோடு புறப்பட்டால், சரியான எண்ணை வைத்துக்கொண்டு தவறான வேகத்தில் பறக்கும்.

ஆக, எரிபொருள் பக்கத்தில் தகராறு இல்லை. விலை ரசீதில் இருக்கிறது, எரியும் அளவு விமானத்தின் கணினியில் இருக்கிறது. கஷ்டமெல்லாம் மேலே உள்ள எண்ணில்தான். ஒரு நிமிடத்தின் விலை என்ன?

சென்னை - டெல்லி பாதையில் ஓர் ஏ320-ஐ எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, எரிபொருள் லிட்டர் 100 ரூபாய் என்போம். ஒரு லிட்டர் 0.8 கிலோ, எனவே கிலோ 125 ரூபாய். நிமிடத்தின் விலை 2,500 ரூபாய் என்று நிதித்துறை சொன்னால் காஸ்ட் இண்டெக்ஸ் 20. இப்போது ஒருவர் வந்து, ‘விமானத்தின் வாடகையை விட்டுவிட்டீர்களே’ என்கிறார். மாதம் மூன்று கோடி ரூபாய் வாடகை. விமானம் தினம் 12 மணி நேரம் பறக்கிறது. மாதத்துக்கு 21,600 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு 1,389 ரூபாய். அதையும் சேர்த்தால் நிமிடம் 3,889 ரூபாய் ஆகிறது, காஸ்ட் இண்டெக்ஸ் 31.

கணக்கில் பிழையில்லை, ஆனால் முடிவு தவறு. இன்று டெல்லிக்கு மூன்று நிமிடம் முன்னதாகப் போனால் இந்த மாத வாடகையில் ஒரு பைசா குறையுமா? குறையாது. வாடகை விமானத்துக்கு, அது பறந்தாலும் நின்றாலும் மாதம் மூன்று கோடிதான். ஒரு நிமிடம் கூடினால் அல்லது குறைந்தால் எந்தச் செலவு உண்மையிலேயே மாறுமோ, அது மட்டுமே இந்தக் கணக்கில் வர வேண்டும். எஞ்சின் பராமரிப்புக்குப் பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டிருந்தால் அது வரும். சக்கரங்களும் பிரேக்குகளும் தரையிறங்கும் எண்ணிக்கையில் தேய்கின்றன, அவை வராது. மிச்சப்படும் நிமிடங்கள் சேர்ந்து அதே விமானத்தில் இன்னொரு பயணம் நுழைக்க முடிந்தால் மட்டும் வாடகைக்கும் இங்கே இடம் உண்டு. மூன்று நிமிடத்தில் யாரும் இன்னொரு பயணத்தை நுழைத்துவிட முடியாது.

சம்பளக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் விமானிகளுக்கு அட்டவணை நேரம், உண்மையான நேரம் இரண்டில் எது அதிகமோ அதற்குச் சம்பளம். அட்டவணைக்கு ஐந்து நிமிடம் முன்னதாக வந்தால் சம்பளத்தில் மிச்சம் எதுவும் இல்லை. ஐந்து நிமிடம் பிந்தினால் கூடுதல் செலவு. ஒரே பயணத்தில், அட்டவணைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிமிடத்துக்கு ஒரு விலை, அந்தப் பக்கம் இன்னொரு விலை. கட்டத்தில் தட்டக்கூடியது ஓர் எண் மட்டுமே.

இந்த வகைச் செலவுகளை எல்லாம் கூட்டி வகுத்து வைத்ததால்தான் பல நிறுவனங்களின் எண் தேவைக்கு மேல் ஊதியிருந்தது. போயிங் நிறுவனத்தின் ‘ஏரோ’ இதழில் 2007-இல் அதன் விமானி பில் ராபர்சன் எழுதிய கட்டுரை இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டியது. 737-700 விமானங்களை 45 என்ற எண்ணில் ஓட்டிய ஒரு நிறுவனத்துக்கு, ஒழுங்காகக் கணக்கிட்டால் வந்தது 12. இடைவெளி பயணத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். ஆனால் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் வீணாகிக்கொண்டிருந்தது. பயணிகளுக்கு அந்த மூன்று நிமிடம் வந்ததும் தெரிந்திருக்காது, போனதும் தெரிந்திருக்காது.

எண் ஊதியிருக்கிறதா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. விமானங்கள் நாள்தோறும் முன்னதாக வந்து, நிறுத்துமிடம் காலியாகாமல் ஓடுபாதைக்கு அருகே காத்துக் கிடந்தால், நிறுவனம் நிமிடங்களை விலை கொடுத்து வாங்கித் தரையில் கொட்டுகிறது என்று பொருள். இன்னொரு அறிகுறி விமானத்தின் பதிவுக் கருவியில் இருக்கும். அலுவலகம் கொடுத்த எண்ணைக் கட்டத்தில் தட்டிவிட்டு, மேலே போனதும் விமானி தன் விருப்பத்துக்கு ஒரு வேகத்தைக் கையால் வைத்துவிட்டால், காஸ்ட் இண்டெக்ஸ் வெறும் அலங்காரம். வீட்டுக்குத் திரும்பும் கடைசிப் பயணத்தில் இது அதிகம் நடக்கும் என்றால் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது.

கீழே உள்ள எண்ணிலும், அதாவது எரிபொருள் விலையிலும், நம் ஊருக்கே உரிய ஒரு விசித்திரம் உண்டு. விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை; மாநிலங்கள் விற்பனை வரி விதிக்கின்றன. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக இருந்துவந்த வரி 29 சதவீதம். இது உள்நாட்டுப் பயணங்களுக்குத்தான். வெளிநாடு போகும் விமானத்துக்கு இந்த வரி இல்லை. மேலே சொன்ன 125 ரூபாய் வரியோடு சேர்ந்த விலை என்றால், வரி நீக்கினால் 97. நிமிடத்தின் விலை அதே 2,500 என்றால், டெல்லிக்குப் போகும்போது 20-ஆக இருந்த காஸ்ட் இண்டெக்ஸ், அதே விமானம் அன்று மாலை சிங்கப்பூருக்குக் கிளம்பும்போது 26 ஆக வேண்டும். மாநில அரசின் வரி விகிதம் விமானத்தின் வேகத்தைத் தொடுகிறது என்று சொன்னால் கோட்டையில் இருப்பவர்களே நம்ப மாட்டார்கள். நிறுவனங்களும் இதை இவ்வளவு நுணுக்கமாகச் செய்வதில்லை. எல்லாப் பாதைக்கும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, ‘குழப்பம் வேண்டாமே’ என்று விட்டுவிடுவதே வழக்கம். உச்சி தட்டையாக இருப்பதால் 20-க்கும் 26-க்கும் இடையே நட்டம் சொற்பம் என்பது அவர்களுக்குச் சாதகமான வாதம். அது நியாயமான வாதமும்கூட.

தாமதம் என்று வந்துவிட்டால் அந்த வாதம் நிற்காது. டெல்லி விமானம் இருபது நிமிடம் பிந்திக் கிளம்புகிறது. ‘மேலே போய்ச் சரிக்கட்டிவிடுகிறோம்’ என்று அறிவிப்பு வருகிறது. எவ்வளவு சரிக்கட்ட முடியும்? இரண்டே முக்கால் மணி நேரம் என்று அட்டவணை சொன்னாலும், ஏற்றமும் இறக்கமும் தரையில் ஊர்வதும் போக, உயரத்தில் நிலையாகப் பறப்பது ஏறக்குறைய நூறு நிமிடம். வழக்கமான வேகம் ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு. அதை 0.80 ஆக்கினால் கிடைப்பது இரண்டரை நிமிடம். அதற்கு மேல் அந்த விமானத்துக்கான உச்ச வரம்பு 0.82, அதை ஒட்டிப் பறப்பதில்லை. விமானம் பெரும்பாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறதே என்றால், அதைச் செய்வது வேகமல்ல. அட்டவணையில் முன்கூட்டியே ஒளித்து வைத்திருக்கும் கூடுதல் நிமிடங்களும், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் கொடுக்கும் குறுக்குவழியும்தான்.

என்றாலும் அந்த இரண்டரை நிமிடத்துக்குச் சில நாள்களில் தங்கத்தின் விலை. வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ குக்கும் கிரஹாம் டேனரும் ஐரோப்பிய நிறுவனங்களுக்குத் தாமதத்தால் ஏற்படும் செலவைக் கணக்கிட்டார்கள். சராசரியாக நிமிடத்துக்குச் சுமார் 100 யூரோ. இந்தச் சராசரியை அப்படியே எடுத்து வகுத்தால் காஸ்ட் இண்டெக்ஸ் நூற்றைத் தாண்டிவிடும். ஆனால் தாமதத்தின் விலை நிமிடத்துக்கு நிமிடம் சீராக ஏறுவதில்லை, படிக்கட்டுபோலத் தாவுகிறது. முதல் ஐந்து நிமிடத்துக்குச் செலவே இல்லாமல் இருக்கலாம். டெல்லியில் டொராண்டோ விமானத்தைப் பிடிக்க வேண்டிய முப்பது பேர் இருக்கையில், இணைப்புக்கான கடைசி நேரம் தாண்டிய அந்த ஒரு நிமிடத்தில் ஹோட்டல், சாப்பாடு, மாற்று டிக்கெட் என்று லட்சங்கள் ஏறும். அதற்குப் பிறகு இன்னும் பத்து நிமிடம் பிந்தினாலும் ஒன்றும் கூடாது. விமானிகளின் பணிநேர வரம்பும், இரவில் மூடும் விமான நிலையங்களும் இதே மாதிரியான படிகள்.

காஸ்ட் இண்டெக்ஸுக்குப் படிகள் தெரியாது. அது எல்லா நிமிடங்களுக்கும் ஒரே விலை வைக்கும் கருவி. அதனால், நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டிஸ்பாட்சர் இந்தப் பயணத்துக்கு மட்டும் வேறு எண் கொடுக்க வேண்டும். இரண்டரை நிமிடம் கிடைத்தால் அந்த முப்பது பேர் விமானத்தைப் பிடிப்பார்களா? பிடிப்பார்கள் என்றால் எண்ணைத் தாராளமாக ஏற்றலாம். வேகமாகப் போனாலும் தவறிவிடும் என்றால், ஏற்றுவது வீண். மெதுவாகவே வரட்டும், மாற்று டிக்கெட்டைப் போட்டு வைப்போம் என்பதுதான் சரி. தாமதமான விமானம் என்றாலே வேகத்தைக் கூட்டச் சொல்லும் நிறுவனம் இரண்டாவது வகை நாள்களில் இரண்டு செலவையும் சேர்த்துச் செய்கிறது.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் வானத்தில் விமானம் தனியாக இல்லை. சென்னையிலிருந்து கிழக்கே வங்காள விரிகுடாவைக் கடக்கும் விமானங்கள் ஒரே உயரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது, இடைவெளி குறையாமலிருக்கக் கட்டுப்பாட்டாளர் ஒவ்வொன்றுக்கும் வேகத்தை நிர்ணயிப்பதுண்டு. அப்போது கட்டத்தில் இருக்கும் எண்ணுக்கு வேலையில்லை. லண்டன் ஹீத்ரோவில் சிக்கல் வேறு வகை. அங்கே சீக்கிரம் வந்து சேர்ந்தால் நகரைச் சுற்றி அடுக்கடுக்காக வட்டமடித்துத்தான் இறங்க வேண்டும். நிமிடத்துக்கு இவ்வளவு கிலோ என்று கொடுத்து மிச்சப்படுத்திய நேரத்தை, அதைவிட அதிக கிலோ எரித்து வட்டமடித்தே கழிப்பார்கள். 2014-இல் பிரிட்டனின் வான்போக்குவரத்து நிறுவனம் அண்டை நாடுகளோடு சேர்ந்து ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஹீத்ரோவில் நெரிசல் என்று தெரிந்தால், 350 கடல் மைல் தொலைவிலேயே, அதாவது விமானம் இன்னும் வேறு நாட்டு வானில் இருக்கும்போதே, வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிடுவார்கள். வட்டமடிப்பில் போகவேண்டிய நிமிடங்களைப் பாதையிலேயே மெதுவாகக் கழித்துவிட்டு வரலாம். இந்த நெரிசலை விமானத்தின் கணினி தானாக அறிய முடியாது. ஒரு நிமிடம் இத்தனை ரூபாய் பெறும் என்று காலையில் சென்னையில் யாரோ சொன்னதை நம்பியே அது வேகம் வைக்கிறது. அந்த நிமிடத்தின் விலை பூஜ்யமாகிவிட்டது என்று கீழேயிருந்து குரல் வரும் வரை.